எட்டு மாதக் குழந்தையின் இரவு விழிப்பு: பசியா, பழக்கமா?

"எட்டு மாதக் குழந்தை இரவில் பாலுக்கு எழுகிறாள். பசியா, வெறும் பழக்கமா?"

பழக்க விழிப்பு என்றால் பசியே இல்லாமல், தூங்க வைத்த முறையைத் தேடி எழுவது. எல்லாக் குழந்தைகளும் தூக்கத்தின் நடுவே லேசாக விழிக்கும். மார்பில் சப்பியபடியே தூங்கிப்போன குழந்தை விழித்ததும் அதையே தேடும், தலையணை நழுவினால் நாம் தடவித் தேடுவதுபோல.

குடிப்பதைக் கவனியுங்கள். மடக் மடக்கென்று விழுங்கும் சத்தத்தோடு நன்றாகக் குடித்தால் பசி. நாலு வாய் சப்பியதும் கண் சொக்கினால் பெரும்பாலும் பழக்கம். 1 மணிக்கு நாலு வாய், 4 மணிக்கு முழுப் பால் என்றால், 4 மணிப் பால் இருக்கட்டும்; 1 மணிக்குத் தட்டிக் கொடுத்துப் பாருங்கள். விளையாட்டு மும்முரத்தில் பகல் பால் குறைந்தாலும் இரவில் நிஜமாகவே பசிக்கும், அப்போது பகலில் கூட்டுங்கள். எடை சரியாக ஏறாத குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் குறைக்க வேண்டாம்.

படுக்கும் முன் கேழ்வரகுக் கூழை வயிறு முட்டக் கொடுத்தால் விடியும்வரை தூங்கும் என்பது தவறு. பழக்கத்தில் எழும் குழந்தை வயிறு நிறைந்திருந்தாலும் எழும்.