ஊரே சேர்ந்து கதை சொல்லும்போது: நாங்களா, நாமா?

*ஐயா, பினாங்கில் நாங்கள் குடியிருந்த கம்பத்தை உடைத்த கதையைப் பேரன் சொல்வதுபோல ‘நான்’ என்று எழுதினேன். 22 வீட்டின் கதை ஒரு பையனின் கதையாகச் சுருங்கிவிட்டது. அதனால் கம்பத்து ஆட்களே சேர்ந்து சொல்வதுபோல மாற்றினேன். இப்போது படிப்பவர்கள் “யார் பேசுறாங்கன்னே தெரியலையே” என்கிறார்கள். இந்த முறை என் கதைக்கு ஒத்துவருமா? எப்படி எழுதுவது?*
*– வாசகி, பட்டர்வொர்த்*

ஒத்துவரும். நீங்கள் அனுப்பிய இரண்டு வடிவங்களையும் படித்தேன். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். குழப்பம் தொடங்கும் இடம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு வரியில் ‘எங்கள் கம்பம்’ என்கிறீர்கள், நாலு வரி தள்ளி ‘நம் கோவில்’ என்கிறீர்கள். ‘எங்கள் கம்பம்’ என்றதும் வாசகர் வேலிக்கு வெளியே நின்று கேட்கத் தயாராகிறார். ‘நம் கோவில்’ என்றதும் அவரை உள்ளே இழுத்துவிடுகிறீர்கள். அடுத்த பத்தியில் திரும்பவும் வெளியே தள்ளுகிறீர்கள்.

மலாயில் காமி, கித்தா என்று நாம் தினமும் பிரித்துப் பேசுவது இதைத்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் அங்கே எழுதுபவருக்கு இந்த வசதி கிடையாது. நன்னூல் இந்த வேறுபாட்டை வினையின் விகுதியிலேயே காட்டுகிறது: அம், ஆம் விகுதிகள் எதிரே நிற்பவரைச் சேர்த்துக்கொள்ளும், எம், ஏம், ஓம் விகுதிகள் அங்கே இல்லாத மற்றவரைச் சேர்த்துக்கொள்ளும். இன்றைய எழுத்தில் ‘ஓம்’ மட்டும்தான் தங்கியிருக்கிறது. ‘போனோம்’ என்றால் நாமும் போனோம், நாங்களும் போனோம். ஆகவே கேட்பவர் உள்ளேயா வெளியேயா என்பதை ‘எங்கள்’, ‘நம்’ போன்ற சொற்கள்தான் சுமக்கின்றன. அதில் ஒன்று தவறினாலும் வாசகர் தடுமாறுவார்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. வினையிலேயே பன்மை இருப்பதால் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘நாங்கள்’ என்று தொடங்க வேண்டாம். உங்கள் முதல் பக்கத்தில் அந்தச் சொல் 19 இடங்களில் வருகிறது. நான்கைந்தை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். கோஷம் போடும் தொனி போய், திண்ணையில் உட்கார்ந்து பேசும் தொனி வந்துவிடும்.

கதை முழுக்க ‘எங்கள்’ என்றே போகட்டும். புறநானூற்றின் 112ஆம் பாட்டில் பாரியின் மகளிர் தந்தையையும் மலையையும் இழந்ததை ஐந்தே அடியில் ஒரே குரலில் சொல்கிறார்கள். ‘எம் குன்று’ என்றுதான் சொல்கிறார்கள். கேட்கும் நமக்கு அந்த மலையில் பங்கில்லை, அதனால்தான் அது அவ்வளவு வலிக்கிறது. பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பேசும்போது ‘நம்ம கோவில்’ என்று தாராளமாக வரலாம், அது அவர்களுக்குள் பேசும் பேச்சு.

அடுத்து, ஊருக்கு எது தெரியும் என்பது. பாட்டி இழப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட மறுத்த இரவைப் பேரன் இப்படிச் சொன்னான்: “அன்று ராத்திரி பாட்டி மனம் உடைந்துபோனார். தாத்தா நட்ட மாமரத்தை நினைத்து அழுதார்.” அவன் அந்த வீட்டுக்குள் படுத்திருந்தவன், சொல்லலாம். நீங்கள் ‘நாங்கள்’ என்று மாற்றியபோது இந்த இரண்டு வரியையும் அப்படியே வைத்துவிட்டீர்கள். கம்பம் பாட்டியின் மனதுக்குள் எப்படிப் போனது? யார் பேசுகிறார்கள் என்ற சந்தேகம் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊருக்குத் தெரிவது மூன்று வகை: கண்ணால் பார்த்தது, காதில் விழுந்தது, தானாக ஊகித்தது. தமிழ் வினை இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லும்: அழுதார், அழுதாராம், அழுதிருப்பார். அந்த இரவை நான் இப்படி எழுதிப் பார்த்தேன்:

“அன்று ராத்திரி பாட்டி வீட்டு விளக்கு அணையவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். சிரம்பானில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு அழுதாராம். மூன்றாம் வீட்டு அக்கா சொன்னார். மாமரத்தை நினைத்து அழுதிருப்பார் என்றோம். மாடுகளை நினைத்து என்றார்கள் சிலர். கதவைத் தட்டிக் கேட்கத்தான் யாரும் போகவில்லை.”

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். பேரன் “யாரும் வரவில்லை” என்று சொன்னால் அது குறை சொல்வது. ஊரே “யாரும் போகவில்லை” என்று சொன்னால் அது ஒப்புக்கொள்வது. ஒற்றைக் குரலுக்குக் கிடைக்காத பெரிய ஆதாயம் இதுதான் என்று நினைக்கிறேன். ‘நான்’ தன் தவறை ஒப்புக்கொள்ளும்போது கூடவே தன்னை நல்லவனாகவும் காட்டிக்கொள்ள முடியும். பொறுப்பு 22 வீட்டிலும் பரவிக் கிடக்கும்போது, தனியாக ஒருவரைக் கைகாட்டவும் முடியாது, ஒருவரும் தப்பவும் முடியாது.

ஆனால் அந்த 22 கடைசிவரை 22ஆகவே இருக்கக் கூடாது. உங்கள் கதையிலேயே 17 வீட்டார் இழப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள், ஐந்து வீட்டார் மறுக்கிறார்கள். “கையெழுத்துப் போட்டோம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஓம்’ எத்தனை பேர்? ஒவ்வொரு காட்சியின் ஓரத்திலும் பென்சிலால் எண்ணிக்கையைக் குறித்துப் பாருங்கள். தீமிதிக் காட்சியில் 22. கையெழுத்துக்குப் பிறகு 17. அந்த இடத்திலிருந்து, முன்பு பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஐந்து வீட்டாரும் ‘அவர்கள்’ ஆகிவிட வேண்டும். எந்த விளக்கமும் வேண்டாம். பிரதிப்பெயர் மாறினாலே கம்பம் பிளந்தது தெரிந்துவிடும்.

இதைக் கைதேர்ந்து செய்த கதை வில்லியம் ஃபாக்னர் 1930இல் வெளியிட்ட ‘எமிலிக்கு ஒரு ரோஜா’. ஒரு சிற்றூர் முழுக்க ‘நாங்கள்’ என்று கதை சொல்கிறது. எமிலி இறந்த பிறகு, பல வருஷம் பூட்டிக் கிடந்த மாடி அறையைத் திறக்கும் இடத்தில் ‘அவர்கள் திறந்தார்கள்’ என்று விலகிக்கொள்கிறது. உள்ளே இருப்பதைப் பார்த்து நிற்கும்போது மறுபடி ‘நாங்கள்’. பார்ப்பதில் பங்கு உண்டு, உடைப்பதில் இல்லை என்று ஊர் ஒதுங்கிக்கொள்ளும் அந்தச் சிறிய அசைவைக் கவனியுங்கள். மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும் உங்கள் காட்சிக்கு நேராக உதவும்.

நெடுநேரம் ஒரே கூட்டுக்குரல் போனால் முகங்கள் மங்கிவிடும். அப்புறம் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள். அதைத் தவிர்க்க, பக்கத்துக்கு ஒருவரையாவது கூட்டத்திலிருந்து வெளியே வரவிட்டு, ஒரு வரி பேசவிட்டு, திரும்ப உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். பால்காரர் தாத்தா, தறி வேட்டி கட்டும் பூசாரி, டாக்சி ஓட்டும் அண்ணன் என்று உங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசினால் இன்னும் நல்லது.

ஒரு காட்சியை மட்டும் இந்தக் குரல் தாங்காது. பாட்டி பேரனிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் இடம். அங்கே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், ஊர் இல்லை. அதை விட்டுக்கொடுக்க மனம் வராது என்று தெரிகிறது, கதையிலேயே நீங்கள் நன்றாக எழுதிய இடம் அது. ஆனாலும் எடுத்துவிடுங்கள். பிளாட்டுக்குக் குடிபோன பிறகு, பேரன் கழுத்துக் கயிற்றில் ஒரு பழைய சாவி தொங்குவதை ஊர் பார்க்கட்டும். அது எந்தக் கதவின் சாவி என்று ஆளுக்கு ஒன்று சொல்லட்டும்.