யுபிஎஸ்சி நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால்?

"போர்டில் முதல் கேள்வியே இதுதான் என்கிறார்கள். எவ்வளவு சொல்வது? தற்பெருமையாகத் தெரியாதா?"

நீங்கள் நிரப்பிய விரிவான விண்ணப்பப் படிவம் (டிஏஎஃப்) அவர்கள் மேசையில்தான் இருக்கும். பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் அதில் இருப்பதால் அதை ஒப்பிக்க வேண்டாம். ஒரு நிமிடம் போதும்.

தற்பெருமை பெரும்பாலும் பெயரடைகளில்தான் ஒளிந்திருக்கும். "நான் கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உண்டு" என்றால், அடுத்த நொடியே "ஒரு உதாரணம்?" என்பார்கள். அதற்குப் பதில் நடந்ததைச் சொல்லுங்கள். கோவில்பட்டிக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம்:

"சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறார். இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு இரண்டு வருடம் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் தரப் பரிசோதனையில் இருந்தேன். இது எனக்கு மூன்றாவது முயற்சி."

இதில் பெருமையும் இல்லை, புலம்பலும் இல்லை. அப்பாவின் வேலையைச் சொன்னதோடு நிறுத்தியதைக் கவனியுங்கள். "ஏழ்மையிலும் என்னைப் படிக்க வைத்தார்" என்று நீட்டினால் அனுதாபம் கேட்பதுபோல் ஆகிவிடும். அதேபோல் "எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது சார்" என்பதும் பணிவு அல்ல, நடிப்பு.

அப்புறம், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த கேள்விக்கான கொக்கி. தீப்பெட்டி என்றால் குழந்தைத் தொழிலாளர், லைட்டர் இறக்குமதி எல்லாம் வரும். கோவில்பட்டி என்றால் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஊர்க் கடலைமிட்டாயும் வரலாம். பதில் இல்லாத விஷயத்தை அறிமுகத்தில் இழுத்துவிடாதீர்கள்.