லுக்அலைக்கா, இன்ட்ரஸ்ட்டா: எது நல்ல வாடிக்கையாளரைத் தருகிறது?

"டர்பனில் மசாலா விற்கிறேன். ஃபேஸ்புக் விளம்பரத்தில், விருப்பங்களை வைத்து ஆட்களைப் பிடிக்கும் இன்ட்ரஸ்ட் ஆடியன்ஸில் ஆர்டர் மலிவாக வருகிறது. என் வாடிக்கையாளர் பட்டியலைப் போன்ற புது ஆட்களைத் தேடும் லுக்அலைக்கை நிறுத்திவிடலாமா?"

இப்போதே நிறுத்தாதீர்கள். முதல் ஆர்டரின் செலவை விட்டுவிட்டு, 60 நாளில் மறுபடி வாங்கியவர்களை எண்ணுங்கள். இரண்டுக்கும் தலா 2000 ராண்ட் போட்டதாக வைத்துக்கொள்வோம். இன்ட்ரஸ்ட்டில் 40 பேர் வாங்கி 4 பேர் திரும்பினால், நிலைத்த வாடிக்கையாளர் ஒருவருக்கு 500 ராண்ட். லுக்அலைக்கில் 25 பேரே வாங்கி 10 பேர் திரும்பினால் 200தான்.

லுக்அலைக் சொதப்பினால், பெரும்பாலும் நீங்கள் ஏற்றிய மூலப் பட்டியல்தான் காரணம். தீபாவளித் தள்ளுபடிக்கு மட்டும் வந்தவர்கள் அதில் இருந்தால், அதே மாதிரி ஆட்களைத்தான் தேடித் தரும். இரண்டு முறைக்கு மேல் வாங்கியவர்களை மட்டும் ஏற்றிப் பாருங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரே நாட்டவர் 100 பேராவது வேண்டும்.

அப்புறம், இரண்டையும் வெவ்வேறு ஆட்களுக்குக் காட்டி ஒப்பிடும் A/B Test வழியாகவே ஓட்டுங்கள், பழைய வாடிக்கையாளர்களை இரண்டிலும் விலக்கிவிட்டு. திரும்பியவர்கள் நாலைந்து பேர்தான் என்றால், முடிவெடுக்க அது போதாது.