ஃபாகர் போட்டும் கோழி ஏன் மூச்சு வாங்குகிறது?

"சின்ன கோழி ஷெட்டில் மதியம் முழுக்க, தண்ணியை மூடுபனியாத் தெளிக்கிற ஃபாகர் ஓடுது. ஆனாலும் கோழிங்க வாயைத் திறந்து மூச்சு வாங்குது. ஏன்?"

கோழிக்கு வியர்க்காது, கடும் வெப்பத்தில் பெரும்பாலும் மூச்சு வழியே ஈரத்தை ஆவியாக்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபடும். உங்கள் ஷெட்டில் ஈரக்காற்று வெளியேறாமல் தேங்குகிறது என்றே நினைக்கிறேன்.

எனவே முதலில் ஃபேன், பிறகுதான் ஃபாகர். எல்லா ஃபேனும் ஒரே திசையில், கோழியின் உயரத்தில் காற்று படும்படி ஓடட்டும். எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி வேண்டும். எதிரெதிராக வைத்தால் அதே காற்றுதான் உள்ளேயே சுழலும்.

ஈரப்பதமானி ஒன்றைக் கோழியின் உயரத்தில் தொங்கவிடுங்கள். 36 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது மூடுபனி முழுதும் ஆவியானால், 70 சதவீதத்தை எட்டுவதற்குள் வெப்பம் சுமார் 29 டிகிரிக்கு இறங்கிவிடும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் குளிர்ச்சி கொஞ்சம்தான் கூடும், மூச்சுத் திணறலோ அதிகமாகும். தொடர்ந்து ஓட்டாமல் அரை நிமிடம் ஓட்டி மூன்று நிமிடம் நிறுத்திப் பார்த்து, மானியின் அளவுக்கேற்ப மாற்றுங்கள். 32 டிகிரி, 80 சதவீதம் என்றால் ஃபாகரே வேண்டாம், ஃபேன் மட்டும் போதும்.

நாசிலுக்குக் கீழே தரையில் பரப்பியுள்ள படுக்கையை அள்ளிப் பிழியுங்கள். கட்டியாக நின்றால் துளி ஆவியாகாமல் விழுகிறது: பம்ப் அழுத்தம் குறைவு, அல்லது நாசிலில் உப்பு அடைப்பு. இதை விட்டால் அமோனியா நாற்றம் வரும்.