சராசரி வருமானம் யாருடைய வருமானம்?

"எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் சராசரி மாத வருமானம் 120,000 ரூபாய் என்கிறார்கள். எங்களுக்கு வருவதோ அதில் பாதி. நாங்கள் மட்டும் பின்தங்கிவிட்டோமா?"

இல்லை, அநேகமாக நீங்கள்தான் நடுவில் நிற்கிறீர்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒன்பது வீடுகள் கொண்ட ஓர் ஒழுங்கையைக் கற்பனை செய்யுங்கள். ஆசிரியர், தையற்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று எட்டு வீடுகளின் வருமானம், ஆயிரம் ரூபாய்க் கணக்கில், 40, 45, 50, 55, 60, 65, 70, 80. ஒன்பதாவது, கட்டட ஒப்பந்தகாரர் வீடு: 615. கூட்டி ஒன்பதால் வகுத்தால் சராசரி 120. ஆனால் அந்தத் தொகையை எட்டு வீடுகள் எட்டவேயில்லை! சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி ஐந்தாவது வீட்டைப் பாருங்கள்: 60. இதுதான் இடையம்.

ஒப்பந்தகாரர் கொழும்புக்குக் குடிபெயர்ந்தால் சராசரி ஏறத்தாழ 58 ஆக விழும். மற்றவர்கள் ஒரு சதமும் இழக்கவில்லை. இடையமோ 57.5, அவ்வளவுதான்.

நாட்டுக் கணக்கிலும் இதே சாய்வுதான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வில் வீட்டு மாத வருமானத்தின் சராசரி 76,414 ரூபாய், இடையம் 53,333. சராசரி இடையத்தைவிட இவ்வளவு மேலே நின்றால், உச்சியில் சிலர் அதை இழுக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இடையத்துக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 40 உழைக்கும் வீடு 10க்கு விழுந்தாலும் அது அசையாது. வறுமையை அறிய வரிசையின் அடிப்பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டும்.