காலை வழிபாட்டில் நாலு நிமிடம்: சாலைப் பாதுகாப்புப் பேச்சை எழுதுவது எப்படி?

*தக்கலை பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சாலைப் பாதுகாப்பு வாரத்துக்காகக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேச வேண்டும். ஹெல்மெட், ரோடு கடப்பது, செல்போன் மூன்றும் வர வேண்டுமாம். நாலு நிமிடம்தான் நேரம். போன வருடப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். முழுக்கப் புள்ளிவிவரமும் அபராதத் தொகையும்தான். பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை. இந்தத் தடவை எப்படி எழுதிக் கொடுக்கலாம்?*

போன வருடப் பேச்சு யாரைப் பார்த்துப் பேசியது என்று கவனியுங்கள். அபராதமும் லைசென்ஸ் ரத்தும் வண்டி ஓட்டுகிறவருக்கான செய்தி. வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கிற பிள்ளைகளில் பெரும்பாலானோர் பைக்கின் பின்சீட்டில் உட்காருகிறவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்கிறவர்கள், ஓட்டிக்கொண்டிருக்கிற அப்பாவுக்குப் போன் போடுகிறவர்கள். அவர்கள் கையில் இருப்பதை மட்டும் சொன்னால் போதும், காது கொடுப்பார்கள். தலைப்புக்கு ஒரு செயல் வீதம் மூன்று செயல். நாலாவதைச் சேர்த்தால் முதலாவது மறந்துபோகும்.

ஹெல்மெட்டில் சொல்ல வேண்டிய செயல், தாடைப் பட்டையை மாட்டுவது. 'ஹெல்மெட் அணியுங்கள்' என்ற வாசகத்தைப் பிள்ளைகள் ஆயிரம் சுவர்களில் பார்த்துவிட்டார்கள். நம் ரோட்டில் அதற்கு அடுத்தபடியான தவறுதான் அதிகம் தெரிகிறது: ஹெல்மெட் தலையில் இருக்கும், பட்டை காற்றில் ஆடும். விழும்போது தலை தரையைத் தொடுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்று போய்விடும். உள்ளே இருக்கிற கெட்டியான தெர்மகோல் அடுக்கு நசுங்கித்தான் அடியின் வேகத்தை உள்வாங்குகிறது. ஹெல்மெட் தலையில் இருந்தால்தானே அது நசுங்க முடியும்? ஒரு தடவை நசுங்கிய அடுக்கு திரும்பவும் எழும்பாது என்பதால், பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே கீறல்கூட இல்லாமல் இருந்தாலும் மாற்றியாக வேண்டும்.

'பக்கத்துக் கடைக்குத்தானே, மெதுவாகத்தானே போகிறோம்' என்ற பேச்சுக்கும் மாணவியிடம் பதில் இருக்கட்டும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே சரிந்து, ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதினால்கூட, மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இது வெறும் விழுகிற வேகம். வண்டியின் வேகம் இதில் சேரவே இல்லை.

இதை மேடையிலேயே செய்து காட்டலாம். இன்னொரு மாணவிக்கு ஹெல்மெட்டை வைத்து, பட்டையை மாட்டாமல் விடுங்கள். பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாக மெல்லத் தள்ளினால் அது நெற்றி வழியாகக் கழன்று வரும். பட்டையை மாட்டிவிட்டு அதையே செய்தால் வராது. மாட்டிய பிறகும் வந்தால் ஹெல்மெட் பெரிது. அப்பாவின் ஹெல்மெட்டைக் கொண்டுவந்திருப்பார்கள். அதனால் முந்தின நாளே அதே ஹெல்மெட்டை அதே மாணவிக்கு வைத்துப் பார்த்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவும் இருக்க வேண்டும். பட்டைக்கும் தாடைக்கும் நடுவில் ஒன்றிரண்டு விரல் நுழைகிற அளவு இறுக்கம் சரி. தலையை இடமும் வலமும் ஆட்டும்போது ஹெல்மெட் தனியாகச் சுழலாமல் தலையோடு சேர்ந்தே திரும்ப வேண்டும்.

ரோடு கடப்பதில் 'ஜீப்ரா கோட்டில் கடக்கவும்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் அது பாதிப் பிள்ளைகளுக்குப் பயன்படாது. தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் போன்ற சந்திப்புகளை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் கோடே கிடையாது. மதில் ரோட்டை ஒட்டி நிற்கும், வளைவு தென்னைக்கும் ரப்பருக்கும் பின்னால் மறைந்திருக்கும். அங்கே பிள்ளைக்கு வேண்டியது ஓர் அளவு. இருவழி ரோடு சுமார் 7 மீட்டர் அகலம். சாதாரண நடையில் அதைக் கடக்க 6 நொடி ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த 6 நொடியில் 100 மீட்டர் வந்துவிடும். ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடுகிற அதே 100 மீட்டர்தான். ஆகவே இரண்டு பக்கமும் அவ்வளவு தூரம் ரோடு கண்ணுக்குத் தெரியாத இடம் கடக்கிற இடம் இல்லை. வளைவை விட்டுத் தள்ளி நடந்துபோய்த்தான் கடக்க வேண்டும்.

ஆனால் பேச்சில் முதன்மையாக வர வேண்டியது பஸ். பிள்ளை இடப்பக்கம் இறங்குகிறது, வீடு எதிர்ப்பக்கம் இருக்கிறது. பஸ்ஸுக்கு முன்னால் ஓடினால், அதை முந்திக்கொண்டு வலப்பக்கம் வருகிற வண்டி பிள்ளைக்குத் தெரியாது, பிள்ளையும் அந்த வண்டிக்குத் தெரியாது. ரொம்ப ஒட்டிப் போனால் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற பஸ் டிரைவருக்கே தெரியாது. சரி, பின்னால் போகலாமா என்றால், எதிர்த்திசையில் வருகிற வண்டியைப் பஸ்ஸின் உடம்பே மறைக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பஸ் கிளம்பிப் போகும் வரை ஓரத்தில் நிற்பது. பெரும்பாலும் அரை நிமிடம்கூட ஆகாது.

ஜீப்ரா கோடு இருக்கிற இடத்திலும் ஒரு ஆபத்து உண்டு. ஒரு கார் நின்று வழிவிடும், அதன் பக்கத்தில் பைக் ஒன்று நிற்காமல் முந்தி வரும். நின்ற காரின் ஓரம் வரை நடந்து, அங்கே ஒரு தடவை நின்று எட்டிப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். நாலு நிமிடத்தில் இதற்கு இடம் இல்லை. பின்னால் வகுப்பில் சொல்லுங்கள்.

செல்போனுக்கு வருவோம். பிள்ளைகள் செய்யக்கூடியது, ஓட்டுகிறவருக்குப் போன் போடாமல் இருப்பது. பள்ளி விட்டதும் 'அப்பா, எங்கே வந்துட்டு இருக்கீங்க?' என்று கூப்பிடுகிற அழைப்பைத்தான் அப்பா ஒரு கையால் எடுக்கிறார், அல்லது போனை ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொள்கிறார். அப்படிச் செருகினால் ஹெல்மெட் ஒரு பக்கமாகத் தள்ளி உட்காரும், பட்டையையும் பெரும்பாலும் கழற்றிவிடுவார்கள். ஆக ஒரே அழைப்பில் கவனமும் போகிறது, ஹெல்மெட்டின் பலனும் போகிறது. வீட்டில் ஒரு ஏற்பாடு போதும்: கிளம்பும்போது அப்பா கூப்பிட்டுச் சொல்லிவிடுவார், அதன்பிறகு வந்து சேரும் வரை யாரும் கூப்பிடுவதில்லை.

மைக்கில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல் அளவில்தான் போகும். தொடக்கத்தில் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் கண் மூடச் சொல்வதற்கும் ஹெல்மெட் செய்முறைக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். எழுத்து 200 சொல்லைத் தாண்டாமல் இருக்கட்டும். செல்போனை முதலில் வைத்திருக்கிறோம், ஏனென்றால் கண் மூடச் சொன்னதும் கூட்டம் அடங்கிவிடும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

*தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உங்கள் எல்லாருக்கும் காலை வணக்கம்.*

*எல்லாரும் கண்ணை மூடுங்கள். நான் ஐந்து எண்ணி முடிக்கும் வரை திறக்கக் கூடாது. ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு… ஐந்து. இப்போது திறக்கலாம்.*

*மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக், இந்த ஐந்து நொடியில் 50 மீட்டர் போயிருக்கும். அதோ, அங்கே கொடி பிடித்து நிற்கிற மாணவர் வரை. போன் திரையைப் பார்த்தபடி ஓட்டுகிறவர் அவ்வளவு தூரமும் ரோட்டைப் பார்க்கவில்லை. அந்தப் போனில் கூப்பிட்டது யார்? பல நேரம் நாம்தான். அப்பாவோ அண்ணனோ வண்டியில் வருகிறார் என்று தெரிந்தால் கூப்பிடாதீர்கள். வந்து சேரட்டும்.*

*அடுத்தது ஹெல்மெட். பட்டை மாட்டாத ஹெல்மெட்டைப் பாருங்கள். (தள்ளிக் காட்டவும்.) கையால் தள்ளியதற்கே கழன்றுவிட்டது. இப்போது பட்டையை மாட்டுகிறேன். (மீண்டும் தள்ளவும்.) வரவில்லை. பின்சீட்டில் உட்காருகிற நமக்கும் ஹெல்மெட் வேண்டும். 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வண்டி கிளம்பும் முன் 'டக்' என்று பட்டை மாட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்க வேண்டும். ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று நம்முடையது.*

*மூன்றாவது, இன்று சாயங்காலமே செய்ய வேண்டியது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதன் முன்னாலும் ஓடாதீர்கள், பின்னாலும் ஓடாதீர்கள். ஓரத்தில் நில்லுங்கள். பஸ் போகட்டும். இரண்டு பக்கமும் ரோடு நன்றாகத் தெரிகிற இடத்துக்குப் போய், வலது, இடது, மறுபடி வலது பாருங்கள். வண்டி இல்லை என்றால் நடந்து கடங்கள். ஓட வேண்டாம். காதில் இயர்போன் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஹாரன் காதில் விழ வேண்டும்.*

*நன்றி. வணக்கம்.*

கொடியோடு நிற்கிற மாணவரை மேடையிலிருந்து டேப் பிடித்து 50 மீட்டர் அளந்து நிறுத்துங்கள். மைதானம் சிறியது என்றால் மூன்று நொடியும் 30 மீட்டரும் வைத்துக்கொள்ளலாம், கணக்கு மாறாது. எண்ணும்போது மாணவி படபடப்பில் வேகமாக எண்ணிவிடுவாள். கைக்கடிகாரத்தை வைத்து இரண்டு தடவை எண்ணிப் பழகட்டும். ஹெல்மெட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால், மைக் ஸ்டாண்டில் இருக்கட்டும்.

பேச்சு முடிந்ததும் பெரிய வகுப்புப் பையன்களிடமிருந்து அபராதம் எவ்வளவு என்ற கேள்வி வரும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1,000 ரூபாய். 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டி வழக்கானால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. கேட்டால் சொல்லுங்கள். பேச்சுக்குள் வேண்டாம், பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் சாவியைக் கொடுக்கிறவர்கள் முன்னால் வாசித்தால்தான் அதற்குப் பலன்.