பரிந்துரைக் கடிதம் கேட்டு ஒரு மின்னஞ்சல்

ஐயா, நான் இயந்திரவியல் இறுதியாண்டு மாணவி. வெளிநாட்டில் தொழில்முனைவு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். புராஜெக்ட் சாருக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "மதிப்பிற்குரிய சார், எனக்கு எல்.ஓ.ஆர். தேவைப்படுகிறது. தயவுசெய்து தந்து உதவவும்." இது போதுமா? துறைத் தலைவரிடம் வாங்கினால் மதிப்பு கூடுமா? புராஜெக்ட் அறிக்கையை இணைத்திருக்கிறேன்.
ஒரு மாணவி, கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள மகளுக்கு,

போதாதும்மா. இதை வைத்துக்கொண்டு சார் என்னத்தை எழுதுவார்? "நல்ல மாணவி, ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்றுதான் எழுத முடியும். அப்படிப்பட்ட கடிதம் எந்தப் படிப்புக்கும் பொருந்தும், அதனாலேயே எடுபடாது. தொழில்முனைவுப் படிப்புக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது வேறு: யாரும் சொல்லாமல் ஒரு வேலையைத் தொடங்கினாளா, அது சொதப்பியபோது என்ன செய்தாள்?

உன் அறிக்கையைப் படித்தேன். அதிலேயே பதில் இருக்கிறது. ஐப்பசி மழையில் அப்பளம் காயாமல் பூஞ்சை பிடிக்கிறது என்று சூரிய உலர்த்தி செய்திருக்கிறாய். முதல் தடவை ஓரம் மட்டும் சீக்கிரம் காய்ந்து சுருண்டு வெடித்துவிட்டது. அப்பளம் போடும் அக்காக்களிடம் போய்க் கேட்டு, காற்று போகும் வழியை மாற்றியிருக்கிறாய். அந்த வெடித்த அப்பளத்தை ஆய்வகத்தில் கையில் எடுத்துப் பார்த்தவர் உன் சார்தான். துறைத் தலைவர் பார்க்கவில்லை. அதனால் பதவியைப் பார்க்காதே, சாரிடமே கேள்.

மின்னஞ்சலை இப்படி எழுது:

"சார், உங்கள் வழிகாட்டுதலில் அப்பள உலர்த்தி புராஜெக்ட் செய்த மாணவி நான். தொழில்முனைவு முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். முதல் சோதனை தோற்றதும் நான் வடிவமைப்பை மாற்றியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதைப் பற்றி எழுத உங்களுக்கு மனமும் நேரமும் இருக்குமா? கடைசித் தேதி இன்ன நாள். முடியாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள் சார். சுயவிவரம், மதிப்பெண் பட்டியல், நான் எழுதிய நோக்க அறிக்கை மூன்றையும் இணைத்துள்ளேன்."

கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடு. செமஸ்டர் விடைத்தாள் திருத்தும் நேரத்தில் கேட்டால் பாவம், அவரும் என்னதான் செய்வார்? 'முடியாவிட்டால் சொல்லுங்கள்' என்ற வரியை மரியாதைக்காக மட்டும் சேர்க்கச் சொல்லவில்லை. மனமில்லாமல் எழுதும் கடிதம் வெளுத்துப்போய்த்தான் இருக்கும். அதைவிட வேறொருவரிடம் கேட்பது நல்லது.

அவர் சரி என்ற பிறகே விண்ணப்பத்தில் அவர் மின்னஞ்சல் முகவரியைக் கொடு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவருக்கு நேரடியாக ஒரு இணைப்பை அனுப்பும். கடிதத்தை அவரே அதில் ஏற்ற வேண்டும். ஜிமெயிலை ஏற்காத இடங்கள் உண்டு, ஆகவே கல்லூரி மின்னஞ்சலைக் கேட்டு வாங்கு. இணைப்பு சில சமயம் ஸ்பேமில் போய் விழும். இரண்டு நாளில் "வந்ததா சார்?" என்று கேட்டுவிடு.

அப்புறம், நம் பக்கம் அடிக்கடி நடப்பது: "நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போடுறேன்" என்பார். ஒத்துக்கொள்ளாதே. கடிதம் பரிந்துரைப்பவரே எழுதியதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. உன் நோக்க அறிக்கையின் நடையும் அதன் நடையும் ஒன்றாக இருந்தால் படிப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். "நடந்ததை மட்டும் ஒரு பக்கத்தில் குறித்துத் தருகிறேன் சார், எழுதுவது நீங்களாக இருக்கட்டும்" என்று பணிவாகச் சொல்.